மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போது லேபர் ஆபீஸர் கேட்டால் என்ன சொல்வது?

டவுன்கவுண்டர்

வணக்கம். திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். நாலு வருஷம் ஆகிறது. போன வாரம் மத்தியானம் லேபர் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் நேரே ஆபீஸ் ரூமுக்குப் போய் வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் எடுக்கச் சொன்னார். இன்னொருவர் எங்கள் பக்கம் வந்து, உட்கார ஸ்டூல் போட்டிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு எங்களில் நாலு பேரிடம், "எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போறீங்க?" என்று கேட்டார்.

மேனேஜர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். மூன்று பேரும் "ஏழு மணி சார்" என்றார்கள். என் முறை வருவதற்குள் கஸ்டமர் கூப்பிட்டுவிட்டார், போய்விட்டேன். உண்மை என்னவென்றால், காலை ஒன்பதரைக்கு உள்ளே வந்தால் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் வெளியே விடுவார்கள். சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். ஆனித் தேரோட்டம், ஆடித் தள்ளுபடி, தீபாவளி சமயம் என்றால் இன்னும் நேரமாகும்.

சம்பளம் 13,000 என்று பதிவேட்டில் இருக்கிறது. பிஎஃப், ஈஎஸ்ஐ போக 11,342 ரூபாய் பேங்கில் விழும். ஆனால் ஏடிஎம் கார்டு எங்கள் கையில் இல்லை, சூப்பர்வைசரிடம் இருக்கிறது. அவர் எல்லாருக்கும் மொத்தமாக எடுத்துவந்து ஆளுக்கு 9,000 கவரில் கொடுப்பார்.

"திரும்ப வருவோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். வந்தால் என்னையும் கேட்பார்கள். அந்தப் பதிவேடுகளில் எல்லாம் சரியாகத்தான் எழுதியிருப்பார்கள். அப்படியிருக்க நாங்கள் சொல்லி என்ன ஆகும்? சாட்சி என்று எழுதிவிட்டால் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரதவீதி வியாபாரி

தங்கச்சி, நானும் கடை வைத்திருப்பவன்தான், சின்னக் கடை, மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, நடப்பைச் சொல்கிறேன். பதிவேடு சரியாக இருந்து, அதில் உங்கள் கையெழுத்தும் இருந்தால், கேஸ் நிற்காது. ஆபீஸர் பார்ப்பது தாளைத்தான். அதுவும் பேங்கில் பணம் போட்டிருக்கிறார்கள், அதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்று கேட்டுவிடுவார்கள். இன்னொன்று, பழைய பாக்கி எல்லாம் கேட்க முடியாது. ஆறு மாசத்துக்குள் உள்ளதைத்தான் கேட்கலாம்.

அப்புறம் நேரக் கணக்கு. பக்கத்துக் கடை ராத்திரி பத்து மணி வரை திறந்திருந்தால் நாம் எட்டு மணிக்கு ஷட்டரை இறக்க முடியுமா? அதையும் யோசிக்க வேண்டும்.

பழைய ஆய்வாளர்

தொழிலாளர் துறையில் அமலாக்கப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். தென்மாவட்டக் கடைகளில்தான் என் சர்வீஸில் பெரும்பகுதி போனது. அண்ணாச்சி சொன்னதில் பாதி சரி, பாதி சரியில்லை. முதலில் தங்கச்சி கேட்டதற்கு வருகிறேன்.

கடைக்குள் போனதும் ஆய்வாளர் கேட்கிறவை: வருகைப் பதிவேடு, மிகைநேரம் தனியாகக் காட்டிய சம்பளப் பதிவேடு, சம்பளச் சீட்டின் நகல், வார விடுமுறையும் வேலை நேரமும் எழுதி மாட்டிய அறிவிப்பு, அபராதமோ பிடித்தமோ இருந்தால் அதற்கான பதிவு. கம்ப்யூட்டரில் வைத்திருந்தாலும் பரவாயில்லை, காட்ட வேண்டும். இவை எல்லாமே ஆய்வாளர் பார்ப்பதற்காகவே எழுதப்படுகிறவை. அதனால் இவை சரியாக இருப்பது எங்களுக்கு ஆச்சரியம் கிடையாது. நாங்கள் தேடுவது, ஆய்வாளர் பார்ப்பார் என்று நினைக்காமல் எழுதிய தாளை.

ஒரு கடைக்குள் மதியம் பன்னிரண்டரைக்கு நுழைந்தேன். வருகைப் பதிவேட்டை வாங்கினால், அன்றைய தேதிக்கு எல்லாருக்கும் வெளியேறிய நேரம் "7.00" என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. ஒரே பேனா, ஒரே அழுத்தம். அடுத்து ஆட்களை எண்ணினேன். பதிவேட்டில் பதினாலு பேர் வந்திருக்கிறார்கள், தளத்தில் பதினொரு பேர்தான். மற்ற மூவர் எங்கே என்றால் ஒருத்தி ஊர்க் கொடைக்குப் போயிருக்கிறாள், இரண்டு பேருக்கு அன்று வார விடுமுறை. வராதவர்களுக்கும் வருகையும் வெளியேறிய நேரமும் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தை அங்கேயே நகல் எடுத்து, என் கையெழுத்தும் நேரமும் போட்டு, மேனேஜரின் கையெழுத்தும் வாங்கினேன். அதற்குப் பிறகு அந்தப் பதிவேட்டை யாரும் பெரிதாக மதிக்கவில்லை.

ஆகவே "பதிவேடு சரியாக இருந்தால் போதும்" என்பது, அதை உடைக்க வேறு எதுவும் இல்லாதபோது மட்டும்தான்.

பில்லிங் செக்‌ஷன்

நான் பாளையங்கோட்டையில் ஒரு பெரிய கடையில் பில் போடுகிறேன். டவுன்கவுண்டர் அக்கா, உங்களுக்கு இன்சென்டிவ் உண்டா? உண்டென்றால் பில்லில் உங்கள் நம்பர் ஏறும். எங்கள் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு பில்லுக்கும் தேதி, மணி, நிமிஷம், விற்ற ஆளின் நம்பர் எல்லாம் பதிவாகும். மாசக் கடைசியில் நம்பர் வாரியாக ஷீட் எடுத்துத்தான் இன்சென்டிவ் போடுவோம். ராத்திரி 9.10-க்கு உங்கள் நம்பரில் பில் விழுந்திருந்தால், நீங்கள் ஏழு மணிக்கு வீட்டுக்குப் போனீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஜிஎஸ்டி கணக்குக்காக அந்த பில்களைச் சில வருஷம் வைத்திருந்தே ஆக வேண்டும், சும்மா அழித்துவிட முடியாது.

டவுன்கவுண்டர்

ஆமாம், என் நம்பர் 27. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று இன்சென்டிவ் கொடுப்பார்கள். அதை இப்படி யோசித்ததே இல்லை.

ரதவீதி வியாபாரி

அதெப்படி? விற்பனைக் கணக்கைக் கேட்க லேபர் ஆபீஸருக்கு அதிகாரம் கிடையாது. அது ஜிஎஸ்டிகாரர்கள் பார்ப்பது. எங்கள் ஆடிட்டரே சொல்லியிருக்கிறார், சம்பளப் புத்தகம் தவிர எதையும் கொடுக்காதீர்கள் என்று.

பழைய ஆய்வாளர்

விற்பனை எவ்வளவு என்பது எனக்குத் தேவையே இல்லை. ஆனால் இன்சென்டிவ் என்பது தொழிலாளிக்குக் கொடுக்கிற பணம். அது எப்படிக் கணக்கிடப்பட்டது என்று காட்டுகிற ஷீட் சம்பளப் பதிவுதான். அதை எடுக்கச் சொன்னால் நேரமும் அதோடு வந்துவிடும். சில இடங்களில் கொடுக்க மாட்டார்கள். கொடுக்கவில்லை என்பதையே ஆய்வுக் குறிப்பில் எழுதிவிட்டு வருவோம்.

பிறகு சம்பளக் கேட்பு மனு என்று போனால் நிலைமையே வேறு. அதை விசாரிக்கும் அதிகாரிக்கு ஆவணங்களை வரவழைப்பதிலும் சாட்சிகளை அழைப்பதிலும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு. அங்கே "ஆகஸ்ட் 15 அன்றைய பில் விவரத்தைக் கொண்டு வாருங்கள்" என்றால் கொண்டு வர வேண்டும். ஆகஸ்ட் 15-ஐ ஏன் சொல்கிறேன் என்றால், தேசிய விடுமுறை நாளில் பதிவேட்டில் "விடுமுறை" என்று இருக்கும், பில் மட்டும் ஓடியிருக்கும். 1958-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நாலும் சம்பளத்தோடு விடுமுறை. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது ஒரு நாள் சம்பளமும் மாற்று விடுமுறையும் தர வேண்டும்.

அண்ணாச்சி சொன்ன ஆறு மாசம் பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் ஊதியத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் மூன்று வருஷம் வரை கேட்கலாம். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கிற பொறுப்பும் அதில் முதலாளியுடையது என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

நேரத்துக்கு வருகிறேன். நம் மாநிலத்துக் கடைகள் சட்டம் 1947-ஆம் வருஷத்தது, அது இன்னும் இருக்கிறது. நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் என்றால் இரட்டை வீதம், அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. ராத்திரி முழுக்கக் கடை திறக்க 2019-இல் அரசாணை வந்தது உண்மை. ஆனால் அது கடைக்குக் கொடுத்த அனுமதி, ஆளை நிற்க வைக்கிற நேரத்துக்குக் கொடுத்தது இல்லை. பெண்களைச் சாதாரணமாக இரவு எட்டு மணிக்கு மேல் வேலையில் வைக்கக் கூடாது, வைத்தால் எழுத்து மூலம் அவர்கள் சம்மதம் வேண்டும், பாதுகாப்பும் போக்குவரத்தும் கடைப் பொறுப்பு என்று அந்த ஆணையிலேயே நிபந்தனை இருக்கிறது. பத்து மணி வரை கடை நடத்த வேண்டுமானால் இரண்டு ஷிப்ட் போட வேண்டும் அண்ணாச்சி.

தங்கச்சி கணக்கு: 13,000-ஐ 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 500, மணிக்கு 62 ரூபாய் 50 காசு. இரட்டை வீதம் 125. பன்னிரண்டு மணி நேரத்தில் ஒரு மணி ஓய்வு போக பதினொன்று. அதில் எட்டு போனால் மூன்று. தினம் 375, மாசத்துக்கு 9,750. கையில் வருகிற 9,000-ஐவிட வராத மிகைநேரச் சம்பளம் அதிகம். கார்டில் எடுத்துக்கொள்கிற 2,342 இதில் சேரவில்லை.

முக்கூடல் மகன்

சார், எங்கள் வீட்டு விஷயமும் இதேதான். அம்மா பீடி சுற்றுகிறாள். கடையில் பாஸ் புத்தகத்தில் எல்லா நாளும் பதிவதில்லை. ஆயிரம் பீடி கொடுத்தால் சில நாள் எழுநூறு என்று எழுதுவார்கள், சில நாள் கழிவு என்று எடுத்துவிடுவார்கள். லேபர் இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பாரா? பிஎஃப் பணத்தை எடுக்க அம்மாவின் பெயரில் எழுத்து வித்தியாசம் இருக்கிறது, அதை யார் சரி செய்வார்கள்?

பழைய ஆய்வாளர்

தம்பி, பெயர்த் திருத்தம் பிஎஃப் அலுவலகத்தில்தான், லேபர் ஆபீஸில் இல்லை. வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறவர்களுக்கும் பிஎஃப் உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1985-லேயே உறுதி செய்துவிட்டது. அதனால் அதில் உங்களை யாரும் தட்டிக் கழிக்க முடியாது. பாஸ் புத்தகத்தை அம்மா கையைவிட்டுக் கொடுக்க வேண்டாம், கடையில் "வைத்துவிட்டுப் போ" என்றாலும் கூடாது. எழுதாமல் விட்ட நாளை வீட்டில் தனி நோட்டில் அன்றன்றே எழுதி வையுங்கள். இதற்குத் தனி இழை தொடங்கினால் விரிவாகச் சொல்கிறேன்.

சங்கத்து ஆள்

சார் சொல்வது எல்லாம் சரி. ஆனால் ஒரு பெண்ணைத் தனியாக நிறுத்திவிடாதீர்கள். நாங்கள் பார்த்த வரை, ஒருத்தி மட்டும் உண்மையைச் சொன்னால் மறுநாள் அவளுக்கு வேலை இருக்காது. கடையில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஒரே மாதிரி எழுதிக் கொடுங்கள். காலை 9.30, இரவு 9.30. அவ்வளவுதான். அவர்களால் எல்லாரையும் வெளியே அனுப்ப முடியாது.

பழைய ஆய்வாளர்

மனு ஒன்றாகக் கொடுப்பது நல்லது, அதை ஒப்புக்கொள்கிறேன். வாக்குமூலம் ஒரே மாதிரி இருப்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் மேலே சொன்ன அந்தப் பதினாலு பேர் கடையிலேயே நடந்ததைச் சொல்கிறேன், அப்போது பழைய சட்டம்.

விசாரணைக்குக் கடைசியில் நின்றது ஐந்து பேர். அதில் மூன்று பேரின் வாக்குமூலம் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தது, யாரோ எழுதிக் கொடுத்து இவர்கள் கையெழுத்துப் போட்டது. முதலாளி தரப்பு வக்கீல் அவர்களில் ஒருத்தியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மார்ச் மாதம் முழுக்க ஒன்பதரைக்குத்தான் போனீர்களா?" "ஆமாம்" என்றாள். "மார்ச்சில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நாலு நாள் லீவு எடுத்தீர்களே?" அவளுக்குப் பதில் இல்லை. உண்மையைத்தான் சொல்ல வந்தாள், எழுதிக் கொடுத்தவர் அவளைப் பொய்யாக்கிவிட்டார்.

நாலாவது பெண் சேல்ஸில் இருந்தவள். அவள் சொன்னது இப்படி: "கடைசி கஸ்டமர் போன பிறகுதான் சேலை மடிப்போம். தென்காசி பஸ் பிடிக்க வேண்டியவள் நான். ஒன்பதேமுக்கால் பஸ்ஸைத்தான் பிடிப்பேன். செவ்வாய்க்கிழமை கூட்டம் கம்மி, அன்று எட்டரைக்கு விடுவார்கள்." செவ்வாய்க்கிழமை சீக்கிரம் விடுவார்கள் என்று தனக்கு எதிரானதையும் சொன்னாள் பாருங்கள், அங்கேதான் அவளை நம்பினார்கள். பில்லில் பார்த்தால் செவ்வாய்க்கிழமைகளில் கடைசி பில் எட்டேகாலுக்கு, மற்ற நாளில் ஒன்பதை ஒட்டி. அவள் சொன்னதும் தாளும் பொருந்தின. பில் காட்டிய மணி வரை அவளுக்கு முழுசாக மிகைநேரம் கிடைத்தது. காலையில் அரை மணி முன்னாலேயே வந்ததற்கு எந்தத் தாளும் இல்லை, அதை அதிகாரி கணக்கில் எடுக்கவில்லை.

ஐந்தாவது பெருக்கித் துடைக்கிற அம்மா. அவருக்கு பில் நம்பர் கிடையாது, அவர் நேரத்தைக் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. அவருக்காகச் சாட்சி சொன்னது ராத்திரி வாட்ச்மேன். "நான் ஷட்டரை முக்கால் இறக்கின பிறகு இந்தம்மா தண்ணி ஊத்தித் துடைப்பாங்க, அவங்க வெளியே வந்த பிறகுதான் பூட்டுப் போடுவேன்" என்றார். ஷட்டர் பூட்டுகிற நேரம் வாட்ச்மேன் நோட்டில் இருந்தது. அந்த அம்மாவுக்குக் கிடைத்தது அந்த ஒரு சாட்சியால்தான். தாள் இருக்கிறவர்களுக்கு சாட்சி துணை, தாள் இல்லாதவர்களுக்கு சாட்சிதான் எல்லாமே.

சம்பளம் குறைத்துக் கொடுத்ததற்கு வேறு வழியில் ஆதாரம் வந்தது. அப்போது கையில்தான் சம்பளம். இரண்டு பேர் சம்பளக் கவரை வீசாமல் வைத்திருந்தார்கள். கவரின் மேல் தொகை, அதில் அட்வான்ஸ் கழித்தது, லேட்டுக்கு 150 கழித்தது எல்லாம் மேனேஜர் கையால் எழுதியிருந்தது. இது உங்கள் கையெழுத்துத்தானா என்று கேட்டபோது அவரால் மறுக்க முடியவில்லை.

சங்கத்து ஆள்

சார், உங்கள் கதையிலேயே பதினாலு பேரில் ஒன்பது பேர் பின்வாங்கிவிட்டார்கள். நான் சொல்வது அதைத்தான். பின்வாங்காமல் இருக்க ஒரு கட்டு வேண்டும். அதோடு, நிரூபிக்கிற பொறுப்பு முதலாளியுடையது என்று நீங்களே சொல்லிவிட்டு, மறுபடி தொழிலாளியையே ஆதாரம் தேடச் சொல்கிறீர்களே?

பழைய ஆய்வாளர்

பணம் கொடுத்தேன் என்று அவர் நிரூபிக்க வேண்டும். ஒன்பதரை வரை நான் வேலை பார்த்தேன் என்பதை முதலில் தொழிலாளி சொல்லி, நம்பும்படி ஏதாவது காட்ட வேண்டும் என்பது என் கருத்து. வேலை பார்த்தது நிலைத்தால்தான் கொடுக்க வேண்டியது என்ற பேச்சே வரும்.

சங்கத்து ஆள்

அதை நான் ஏற்கவில்லை. வேலை நேரத்தைச் சரியாகப் பதிவது முதலாளியின் கடமை. அதைச் செய்யாதவர் பொய்ப் பதிவேட்டைக் காட்டிவிட்டு, தொழிலாளியிடம் ஆதாரம் கேட்பது முறையில்லை. புதுச் சட்டத்தில் நாங்கள் இதைத்தான் வாதாடப் போகிறோம்.

பழைய ஆய்வாளர்

வாதாடுங்கள், தீர்ப்பு அப்படி வந்தால் எனக்கும் சந்தோஷம்தான். அதுவரை தங்கச்சி வெறுங்கையோடு போக வேண்டாம் என்கிறேன்.

டவுன்கவுண்டர்

எல்லாருக்கும் நன்றி. இன்னும் சில சந்தேகம். அன்றைக்கு ஏழு மணி என்று சொன்ன மூன்று பேரும் சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளைகள், கடை விடுதியில் தங்கியிருக்கிறார்கள். வேலை போனால் அன்று ராத்திரி தங்க இடம் கிடையாது. அவர்கள் எப்படி மாற்றிச் சொல்வார்கள்? ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள், என்ன எழுதியிருந்தது என்று அவர்கள் படிக்கவில்லை. கடையில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் என்று எங்களுக்கு எதுவும் கொடுத்ததில்லை. நாளைக்கே நீ இங்கே வேலை பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டால்?

பழைய ஆய்வாளர்

உங்கள் விஷயத்தில் "வேலை பார்க்கவில்லை" என்று சொல்ல முடியாது. ஈஎஸ்ஐ நம்பரும் பிஎஃப் கணக்கும் இருக்கிறது. பிஎஃப் பாஸ்புக்கை போனில் திறந்து பாருங்கள், மாசாமாசம் உங்கள் பங்கு 1,560 ஏறியிருக்கும். 13,000-க்கு 12 சதவீதம். உங்கள் சம்பளம் இவ்வளவு என்று கடையே அரசாங்கத்திடம் சொன்ன கணக்கு அது.

வேலையைவிட்டு எடுப்பது பற்றி: கடைகள் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்குப் பதில் சம்பளமோ இல்லாமலும் நீக்கக் கூடாது என்கிறது. நீக்கினால் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு போடலாம். ஆனால் இதில் ஒரு குறை, மறைக்க மாட்டேன். மேல்முறையீடு முடிய மாதக்கணக்காகும். இந்தச் சட்டம் அன்று ராத்திரி தங்க இடம் தராது. விடுதிப் பிள்ளைகளின் பயம் நியாயமானது.

அவர்கள் கையெழுத்துப் போட்டது அநேகமாக வாக்குமூலம். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கலாம், தவறாக இருந்தால் திருத்தச் சொல்லலாம், அதற்குப் பிறகுதான் கையெழுத்து. இப்போதும் கெட்டுப்போகவில்லை. வந்த ஆய்வாளருக்கே, "மேனேஜர் பக்கத்தில் நின்றதால் அப்படிச் சொன்னேன், உண்மை நேரம் இது" என்று தேதி போட்டு எழுதிக் கொடுக்கலாம். சீக்கிரம் கொடுத்தால் மதிப்பு அதிகம். விசாரணை நாளில்தான் முதல் முறையாக மாற்றிச் சொன்னால், யாரோ சொல்லிக் கொடுத்தது என்பார்கள்.

உங்களைக் கேட்கும்போது, "சார், தனியாகச் சொல்றேன்" என்று சொல்லலாம். மேனேஜர் கூட நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவரை அனுப்பிவைக்க வேண்டியது ஆய்வாளர்தான். நல்ல ஆய்வாளர் அதைத் தானே செய்வார். நான் பெரும்பாலும் கடையில் கேட்க மாட்டேன். ஆட்கள் சாப்பிடப் போகிற இடத்திலோ பஸ் ஸ்டாப்பிலோ கேட்பேன். ஒரு கடை மேல் புகார் வந்தால் அந்த வரிசையில் இருக்கிற நாலைந்து கடையையும் சேர்த்துப் பார்ப்பேன், யார் புகார் கொடுத்தது என்று தேட வேண்டாம் என்பதற்காக.

இன்னொரு விஷயம், எதிர்பார்ப்பு சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ஆய்வாளர் வந்துவிட்டுப் போனதும் முதலாளி மேல் கேஸ் போட்டுவிடுவார் என்று நினைக்காதீர்கள். புதுச் சட்டத்தில் முதல் முறை என்றால், இன்ன தேதிக்குள் சரி செய் என்று எழுத்து மூலம் அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் நடவடிக்கை. சரி செய்துவிட்டால் அந்த வழக்கு இல்லை. ஆனால் உங்களுக்கு வர வேண்டிய பாக்கி தனிக் கணக்கு. அதற்குக் கேட்பு மனு போட வேண்டும். தொழிலாளியே போடலாம், சங்கமும் போடலாம், ஆய்வாளரும் போடலாம். ஆய்வாளர் வந்து போனதோடு வேலை முடிந்தது என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பில்லிங் செக்‌ஷன்

விடுதி என்றதும் ஞாபகம் வந்தது. எங்கள் விடுதியில் வார்டன் நோட் போடுவார், யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று. உங்கள் விடுதியிலும் இருந்தால் அந்தப் பிள்ளைகளின் நேரம் அதில் இருக்கும். அவர்கள் வாயைத் திறக்காமலேயே தெரிந்துவிடும்.

பழைய ஆய்வாளர்

நல்ல யோசனை. ஆய்வாளரிடம் அந்த நோட்டைப் பற்றிச் சொல்லி வையுங்கள். விடுதி கடையுடையது என்பதால் நோட் காணாமல் போகவும் வாய்ப்புண்டு.

ரதவீதி வியாபாரி

எனக்கு ஒரு சந்தேகம், உண்மையாகவே கேட்கிறேன். நான் இதுவரை வாய்க்கணக்கில்தான் மிகைநேரம் கொடுத்திருக்கிறேன், பணம் கொடுத்தது நிஜம். புத்தகத்தில் இல்லை. இப்போது மூன்று வருஷம் என்கிறீர்கள். 2025 நவம்பருக்கு முந்தைய மாதங்களையும் அதில் சேர்த்துக் கேட்பார்களா?

பழைய ஆய்வாளர்

அதில் இரண்டு விதமாகவும் வாதம் ஓடுகிறது அண்ணாச்சி. பழைய சட்டத்தில் கெடு முடிந்துபோன பாக்கி, புதுச் சட்டம் வந்ததால் உயிர்பெறாது என்று ஒரு கட்சி. மனு போடுகிற தேதியில் எந்தச் சட்டமோ அதன்படிதான் என்று இன்னொரு கட்சி. நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கொடுத்ததை இந்த மாதத்திலிருந்தாவது பதிவேட்டில் தனிப் பத்தியில் எழுதி, சம்பளச் சீட்டிலும் காட்டிக் கொடுங்கள். மூன்று பேருக்கு மாசம் பத்து நிமிஷ வேலை.

டவுன்கவுண்டர்

கடைசியாக ஒன்று. ஏடிஎம் கார்டு தொலைந்துவிட்டது என்று பேங்கில் சொல்லிப் புதுக் கார்டு வாங்கலாமா என்று ஒரு அக்கா சொன்னார். வாங்கினால் 5-ஆம் தேதியே சூப்பர்வைசருக்குத் தெரிந்துவிடும்.

பழைய ஆய்வாளர்

இப்போதைக்கு வேண்டாம். கார்டு தொலையவில்லை, தொலைந்தது என்று எழுதிக் கொடுத்தால் அதுவே பிறகு உங்களை மடக்குகிற கேள்வியாகிவிடும். கார்டு இல்லாமலேயே ஆதாரம் கிடைக்கும். ஆதாரையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய், இருக்கிற வரைக்கும் ஸ்டேட்மென்ட் கேளுங்கள். பணம் எடுத்த தேதி அதில் வரும். எந்த ஏடிஎம், எத்தனை மணி என்று அதில் இல்லாவிட்டால் பேங்கிடம் எழுதிக் கேட்கலாம். உங்களோடு இன்னும் இரண்டு பேர் வாங்கினால் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஏடிஎம்மில், அடுத்தடுத்த நிமிஷத்தில், ஒரே மாதிரித் தொகை எடுத்திருப்பது தெரியும். அந்த நேரத்தில் நீங்கள் கவுண்டரில் நின்று பில் போடவைத்திருந்தால் இன்னும் நல்லது. நம்பர் 27-இல் விழுந்த பில்லும், அதே நேரத்தில் உங்கள் கார்டில் எடுத்த பணமும் ஒரே ஆள் செய்திருக்க முடியாதே.

டவுன்கவுண்டர்

அப்படி ஒரு நாள் கட்டாயம் இருக்கும். 5-ஆம் தேதி காலையில்தான் எடுப்பார், அந்த நேரம் நாங்கள் எல்லாரும் தளத்தில்தான் இருப்போம். புதன்கிழமை எனக்கு வார லீவு, பேங்குக்குப் போகிறேன். துடைக்கிற அக்காவையும் கூப்பிட்டிருக்கிறேன், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். விடுதிப் பிள்ளைகளிடம் இன்னும் பேசவில்லை. அவர்களில் ஒருத்திக்கு டவுனில் சித்தி வீடு இருக்கிறது, அவளிடம் முதலில் கேட்டுப் பார்க்கிறேன்.